விறைப்பு மாத்திரையை முதல் தடவை எடுப்பவருக்கு

சுங்கை சிப்புட் கிளினிக் மருந்துத் தாள். மருந்து: சில்டெனாபில் 50 மில்லிகிராம், 4 மாத்திரை.

கவுண்டரில் உங்களுக்குப் பின்னால் நின்றவர் பக்கத்து லயத்துக்காரராகக்கூட இருந்திருக்கலாம். அதனால் அங்கே எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போய் நிதானமாகப் படியுங்கள். மனைவியும் படித்தால் இன்னும் நல்லது. ஏதாவது ஆனால், ஆஸ்பத்திரியில் நீங்கள் என்ன விழுங்கினீர்கள் என்று சொல்லப்போவது அநேகமாக அவர்தான்.

முதலில் இதைப் பாருங்கள்

மாத்திரையைப் பிரிப்பதற்கு முன்னால் வீட்டில் இருக்கிற மருந்துப் பை, மைலோ டின், சாமி மாடத்துப் பக்கத்து டப்பா எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் கொட்டுங்கள். நெஞ்சு வலிக்குக் கொடுத்த மருந்து ஏதாவது உங்கள் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் இருக்கும், நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. அரசாங்க ஆஸ்பத்திரி ஸ்டிக்கரில் 'பாவாஹ் லீடாஹ்' என்று எழுதியிருப்பார்கள். வாய்க்குள் அடிக்கிற ஸ்ப்ரேயாகவும் வரும், தோலில் ஒட்டுகிற பட்டையாகவும் வரும். தினமும் விழுங்குகிற மாத்திரையாக இருந்தால் பெயரில் 'ஐசோசார்பைட்' என்று இருக்கும். இவை எல்லாமே நைட்ரேட் வகை.

இவற்றில் ஒன்று உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தால், போன வருஷம் ஒரே ஒரு தடவை போட்டதாக இருந்தாலும், சில்டெனாபிலைத் தொடாதீர்கள். அப்படியே எங்களிடம் திருப்பிக் கொண்டு வாருங்கள். இரண்டுமே ரத்தக்குழாயைத் தளர்த்துகிற மருந்து. சேர்ந்தால் பிரஷர் கிடுகிடுவென இறங்கிவிடும், உயிரே போகலாம். நிகோராண்டில் என்ற இருதய மாத்திரைக்கும், நுரையீரல் ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ரியோசிகுவாட்டுக்கும் இதே தடைதான். சிலர் பார்ட்டிகளில் மோந்து பார்க்கிற 'பாப்பர்ஸ்' பாட்டிலும் நைட்ரேட்டின் பங்காளிதான். எந்த இடத்தில் மோந்தீர்கள் என்று நாங்கள் கேட்கப்போவதில்லை, மோந்தது உண்டா என்று மட்டும் சொல்லுங்கள்.

நீங்கள் இப்போது எடுக்கும் அம்லோடிபினும் மெட்ஃபார்மினும் தொடரட்டும். இந்த மாத்திரைக்காக எதையும் நிறுத்த வேண்டாம். அம்லோடிபினோடு சேரும்போது பிரஷர் இன்னும் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். இன்று கிளினிக்கில் உங்கள் பிரஷர் 138/84 இருந்தது, அதற்கு இது தாங்கும். வேறு டாக்டர் பிரஷருக்கோ மூத்திரம் தடைப்படுவதற்கோ பிராசோசின், டாக்சசோசின், டெராசோசின் மாதிரி மாத்திரை கொடுத்திருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். அப்போது 25 மில்லிகிராமில்தான் ஆரம்பிப்போம். பூஞ்சைக்குக் கொடுக்கும் கீட்டோகோனசோல், தொற்றுக்குக் கொடுக்கும் எரித்ரோமைசின் எடுத்தாலும் இதே கதைதான். அவை சில்டெனாபிலை உடம்பை விட்டுச் சீக்கிரம் போகவிடாது.

எவ்வளவு, எப்போது

ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாத்திரை. 24 மணி நேரத்துக்குள் இரண்டாவது கிடையாது. முதல் மாத்திரை வேலை செய்யவில்லை என்று தோன்றினாலும் கிடையாது. இது தினமும் போடும் மருந்தும் அல்ல, தேவைப்படும் நாளில் மட்டும்.

சேர்வதற்கு சுமார் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தண்ணீரோடு விழுங்குங்கள். சிலருக்கு அரை மணியிலேயே தெரியும். மருந்தின் பலம் நாலு மணி நேரம் வரைக்கும் இருக்கும், அதனால் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு அவசரப்பட வேண்டாம். ஏழரைக்கு ரசமும் மீனுமாக அளவாகச் சாப்பிட்டுவிட்டு, ஒன்பதுக்கு மாத்திரை போட்டால் பத்து மணிக்குச் சரியாக இருக்கும். வீட்டில் சீரியல் எத்தனை மணிக்கு முடியும் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆட்டுக்கறிப் பிரட்டல், நாசி லெமாக், நெய் மிதக்கிற பிரியாணி என்று வயிறு முட்டச் சாப்பிட்டால் மாத்திரை ரத்தத்தில் ஏற இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். 'போட்டேன், ஒன்றும் ஆகவில்லை டாக்டர்' என்று வருபவரிடம் நாங்கள் முதலில் கேட்பது, அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான்.

இன்னொன்று. மாத்திரையை விழுங்கிவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தால் தானாக எதுவும் எழும்பாது. ஆசையும் தொடுதலும் இருந்தால்தான் நரம்பு கட்டளை கொடுக்கும், அந்தக் கட்டளையால் ரத்தக்குழாய் தளர்ந்து ரத்தம் உள்ளே வரும், அந்தத் தளர்ச்சி சீக்கிரம் போய்விடாமல் இந்த மருந்து பிடித்து வைக்கும். அவ்வளவுதான் இதன் வேலை. முதல் நாள் பதற்றத்தில் சரிவராமல் போவது ரொம்பச் சகஜம். ஒரு தடவையில் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். வேறு வேறு நாளில் நாலு தடவையாவது சரியாக எடுத்துப் பார்த்த பிறகுதான் மருந்து பிடிக்கவில்லை என்று சொல்ல முடியும். அளவைக் கூட்டுவதா என்று நாங்கள் பார்த்துச் சொல்கிறோம். 100 மில்லிகிராமுக்கு மேல் யாருக்கும் கிடையாது.

முதல் மாத்திரையை எந்த நாளில் போடக்கூடாது

நாளெல்லாம் வெயிலில் செம்பனைக் குலை வெட்டிவிட்டு, வியர்வை கொட்டி, தண்ணீரும் சரியாகக் குடிக்காத நாளில் வேண்டாம். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது இதைப் போட்டால் எழுந்து நிற்கும்போதே தலை சுற்றும். மறுநாள் லீவு இருக்கிற ராத்திரியைப் பாருங்கள். மாத்திரை உங்களுக்கு என்ன செய்கிறது என்று தெரியும்வரை, போட்ட பிறகு மோட்டார் சைக்கிளை எடுக்காதீர்கள்.

சம்பள நாள் ராத்திரியும் வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. சொல்லியே ஆகவேண்டும் என்றால்: பீர், கள்ளு, சம்சு எதுவானாலும் பிரஷரை இறக்கும், விறைப்பையும் கெடுக்கும். நூறு ரிங்கிட் மருந்தைச் சம்சுவில் கரைத்த மாதிரி ஆகிவிடும்.

பசார் மாலாம் காப்பி

'ஆண்களுக்கான காப்பி', தேன் சாஷே, தொங்காட் அலி உருண்டை என்று சந்தையில் விற்பதை இதோடு சேர்க்காதீர்கள். 'எல்லாம் மூலிகைதானே' என்பார்கள். அந்த மாதிரிப் பொருள்களைச் சோதித்தபோது சில்டெனாபிலும் அதன் தம்பியான தடலாபிலும் உள்ளே கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. பாக்கெட்டில் அது எழுதியிருக்காது, அளவும் யாருக்கும் தெரியாது. காப்பியைக் குடித்துவிட்டு எங்கள் மாத்திரையையும் போட்டால் இரண்டு மூன்று மடங்கு மருந்து உள்ளே போய்விடும். பதிவு பெற்ற மருந்துப் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் பளபளக்கிற ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். இந்த மருந்தை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பவரிடம் வாங்காதீர்கள்.

வந்தால் பயப்பட வேண்டாதவை

தலைவலி, முகம் சூடேறிச் சிவப்பது, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல், லேசான கிறுகிறுப்பு. சிலருக்குக் கொஞ்ச நேரம் எல்லாம் நீலச்சாயலாகத் தெரியும், லைட்டு கூசும். சில மணி நேரத்தில் போய்விடும். தலைவலிக்குப் பாரசிட்டமால் போடலாம்.

உடனே கிளம்ப வேண்டியவை

நெஞ்சு வலி அல்லது இறுக்கம், சேரும்போது வந்தாலும் சரி பிறகு வந்தாலும் சரி: அப்படியே நிறுத்திவிட்டு உட்காருங்கள். 999க்கு அழைக்கச் சொல்லுங்கள். அப்பாவுடைய நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அலமாரியில் இருக்கிறதே என்று யாராவது எடுத்து உங்கள் வாயில் வைக்கப்போனால் தடுங்கள். நல்ல எண்ணத்தில் செய்வார்கள், அதுதான் ஆபத்து. ஆம்புலன்ஸ்காரரிடமும் டாக்டரிடமும் முதல் வார்த்தையாக 'சில்டெனாபில் போட்டேன், இத்தனை மணிக்கு' என்று சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்கு நைட்ரேட் கொடுக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும், ஆனால் நீங்கள் சொன்னால்தானே. வெட்கத்தை அந்த ஒரு நாள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

விறைப்பு நாலு மணி நேரமாகியும் இறங்கவில்லை, வலிக்கிறது: விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உள்ளே தேங்கிய ரத்தத்தால் சதை கெட்டு, பிறகு எப்போதுமே விறைப்பு வராமல் போய்விடலாம். நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஒரு கண்ணிலோ இரண்டிலோ திடீரென்று பார்வை மங்குவது அல்லது போவது, காது திடீரென்று கேட்காமல் போவது, மயங்கி விழுவது, முகமோ தொண்டையோ வீங்கி மூச்சு முட்டுவது: இவையும் அவசரப் பிரிவுக்குத்தான். அடுத்த மாத்திரையைப் போடவே கூடாது.

கடந்த ஆறு மாதத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், பிரஷர் 90/50க்குக் கீழே இருப்பவர், கல்லீரல் மோசமாகக் கெட்டவர், கண் நரம்புக்கு ரத்தம் போகாமல் பார்வை இழந்தவர் இதை எடுக்கவே கூடாது. கிளினிக்கில் நாங்கள் கேட்டபோது 'இல்லை' என்று சொல்லிவிட்டு இப்போது ஞாபகம் வந்தால், மாத்திரையைப் போடாமல் ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு பிடிக்கிறது என்றாலும் முதலில் இருதயத்தைப் பார்த்துவிடுவோம். உங்கள் மாதிரி சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களுக்கு விறைப்புக் குறைவது சில நேரம் இருதயக் குழாய் அடைப்பின் முதல் மணியாகவும் இருக்கும். ஆணுறுப்புக் குழாய் இருதயக் குழாயைவிடச் சின்னது, அதனால் முதலில் அங்கேதான் தெரியும். ரத்தச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தது அதனால்தான், அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

வைக்கிற இடம்

மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், அந்தச் சூட்டில் எந்த மருந்தும் நிற்காது. 30 டிகிரிக்குக் கீழே, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில், பட்டையோடு வைக்கவும். நண்பர் கேட்டாலும் ஒன்றைப் பிய்த்துக் கொடுக்க வேண்டாம். அவர் நெஞ்சுக்கு என்ன மருந்து எடுக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. இது பிள்ளை உண்டாவதையும் தடுக்காது, பால்வினை நோயையும் தடுக்காது.

நாலு வாரம் கழித்து வாருங்கள், மாத்திரை மிச்சம் இருந்தாலும் வாருங்கள். எந்தெந்தத் தேதியில் போட்டீர்கள், என்ன சாப்பிட்ட பிறகு, எப்படி இருந்தது என்று இந்தத் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டு வந்தால் எங்களுக்கு வேலை சுலபம். கவுண்டரில் காரணம் சொல்ல வேண்டாம். 'பிரஷர் பார்க்க வந்தேன்' என்றால் போதும், கதவு சாத்திய அறைக்கு அனுப்பிவிடுவார்கள்.