டிஸ்பென்சிங் கணக்கு, டைலூஷன்: நான்கு வார மீள்பார்வைத் திட்டம்

பார்மசி டிப்ளோமா, இரண்டாம் ஆண்டு. பட்டர்வொர்த்திலிருந்து தினமும் தீவுக்குப் போய்வரும் மாணவிக்கு. தேர்வு ஐந்தாம் வாரம் திங்கள் காலை.

உன் மூன்று சோதனைத் தாள்களையும் வரிவரியாகப் பார்த்தோம். இழந்த 34 மதிப்பெண்ணில் கூட்டல் பெருக்கல் தவறால் போனது 5தான். அலகு மாற்றத்தில் 11, டைலூஷனில் 18. ஆகவே கணிதம் வராது என்று நீ சொல்வது சரியில்லை. கேள்வியைப் படித்ததும் கையில் கிடைத்த எண்களை C1V1-இல் போட்டுவிடுகிறாய். அந்த எண் எதன் செறிவு, எந்தக் கொள்ளளவு என்று எழுதிக்கொள்வதில்லை. இந்தத் திட்டம் முழுக்க அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்கே.

இன்றிலிருந்து ஒவ்வொரு விடையும் இரண்டு வரியோடு தொடங்க வேண்டும். முதல் வரி: கையில் இருக்கும் மருந்தில் 1 மி.லி.க்கு (களிம்பானால் 1 கிராமுக்கு) எத்தனை மி.கி.? இரண்டாம் வரி: முடிவில் எவ்வளவு தயாராக வேண்டும், அதில் எத்தனை மி.கி. இருக்க வேண்டும்? இவை இல்லாத விடைக்கு, எண் சரியாக வந்தாலும் பயிற்சியில் மதிப்பெண் போட மாட்டோம்.

நேரம்: திங்கள் முதல் வெள்ளி வரை இரவு 8.30 முதல் 9.15 வரை. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம். சனிக்கிழமை உனக்கு வேலை இருப்பதால் விட்டுவிடலாம். போகும்போதும் வரும்போதும் பெர்ரியில் அலகு மாற்றம் மட்டும், கால்குலேட்டர் இல்லாமல்.

முதல் வாரம்: அலகும் வேளை மருந்தும்

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கிராம், மி.கி., மைக்ரோகிராம் மட்டும். ஒரு படி இறங்கினால் 1000-ஆல் பெருக்கு, ஏறினால் வகு. இது உனக்குத் தெரியும். ஆனால் புள்ளியை மூன்று இடம் நகர்த்தும்போது பூஜ்யத்தைத் தொலைக்கிறாய். 62.5 மைக்ரோகிராம் டிகாக்சினை 0.625 மி.கி. என்று எழுதியிருந்தாய். சரியானது 0.0625 மி.கி. உன் விடை பத்து மடங்கு, அதுவும் டிகாக்சினில். புள்ளிக்கு முன்னால் எப்போதும் பூஜ்யம் போடு (0.5), முழு எண்ணுக்குப் பின்னால் ஒருபோதும் போடாதே (5.0 என்பதை 50 என்று படிப்பார்கள்). மைக்ரோகிராம் என்பதைச் சுருக்காமல் முழுதாக எழுது.

புதன் முதல் குழந்தைகளுக்கான அளவு. 14 கிலோ குழந்தை, பாரசிட்டமோல் கிலோவுக்கு 15 மி.கி., ஒரு வேளைக்கு 210 மி.கி. அலமாரியில் இரண்டு சிரப் உண்டு: 5 மி.லி.யில் 120 மி.கி., 5 மி.லி.யில் 250 மி.கி. முதலாவது 1 மி.லி.க்கு 24 மி.கி., எனவே 8.75 மி.லி. இரண்டாவது 1 மி.லி.க்கு 50 மி.கி., எனவே 4.2 மி.லி. பாட்டிலை மாற்றி எடுத்து 8.75 மி.லி. கொடுத்தால் குழந்தைக்குப் போவது 437.5 மி.கி., இரண்டு மடங்குக்கும் மேல். முதல் வரியில் செறிவை எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

அதே கேள்வியை எத்தனை பாட்டில் என்பது வரை கொண்டுபோ: 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, 3 நாள் என்றால் 8.75 × 4 × 3 = 105 மி.லி. 60 மி.லி. பாட்டில் இரண்டு.

அமோக்சிசிலின் சஸ்பென்ஷனில் இன்னொரு படி கூடும். 5 மி.லி.யில் 125 மி.கி., ஒரு வேளைக்கு 250 மி.கி., தினம் மூன்று வேளை, 10 நாள்: மொத்தம் 300 மி.லி., 60 மி.லி. பாட்டில் ஐந்து. கரைத்தபின் 7 நாள்தான் என்று லேபிளில் இருந்தால் ஐந்தையும் இன்றே கரைத்துக் கொடுக்கக் கூடாது. ஒரு பாட்டில் இரண்டு நாளைக்கு வரும். ஐந்தாவது பாட்டில் 9ஆம், 10ஆம் நாளில்தான் திறக்கப்படும், நான்காவதும் 8ஆம் நாளில்தான் முடியும். அந்த இரண்டையும் பொடியாகவே கொடுத்து, எப்போது, எந்தக் கோடு வரை கொதித்து ஆறிய நீர் விட வேண்டும் என்று சொல்லி அனுப்ப வேண்டும். இதை ஒரு வரியில் எழுதினால் செய்முறைத் தேர்வாளருக்கு நீ கடையில் நிற்கத் தயார் என்று தெரியும்.

வெள்ளி: மாத்திரை எண்ணிக்கை, படிப்படியாகக் குறைக்கும் பிரெட்னிசோலோன். 30 மி.கி. 5 நாள், பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை 5 மி.கி. குறைத்து நிறுத்துவது. 5 மி.கி. மாத்திரையில் 30 + 10 + 8 + 6 + 4 + 2 = 60. அட்டவணை போட்டே செய், மனதில் கூட்டாதே.

இரண்டாம் வாரம்: டைலூஷன்

இந்த வாரத்தில் வேறு எதையும் தொடாதே. பதினெட்டு மதிப்பெண் இங்கேதான் இருக்கிறது.

திங்கள் இரவு செறிவை எழுதும் வடிவங்களை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்று. இந்த நான்கு வரியையும் பார்க்காமல் எழுத வரும்வரை அடுத்ததற்குப் போகாதே:

```
1% w/v      = 1 g / 100 mL    = 10 mg/mL
5% w/v      = 5 g / 100 mL    = 50 mg/mL
1 in 1000   = 1 g / 1000 mL   = 1 mg/mL
1 in 10 000 = 1 g / 10 000 mL = 0.1 mg/mL
```

செவ்வாய், நேரடி டைலூஷன். 5% குளோர்ஹெக்சிடின் கரைசலிலிருந்து 0.05% கரைசல் 200 மி.லி. வேண்டும்.

```
C1 × V1 = C2 × V2
5 × V1 = 0.05 × 200
V1 = 2 mL
```

2 மி.லி. எடுத்து, நீர் சேர்த்து 200 மி.லி. *வரை* கொண்டுவர வேண்டும். நீ எழுதியது “200 மி.லி. நீர் சேர்க்கவும்”. அப்படிச் செய்தால் மொத்தம் 202 மி.லி. ஆகிவிடும். V2 என்பது இறுதிக் கொள்ளளவு, சேர்க்கும் நீரின் அளவு அல்ல. இங்கே வித்தியாசம் சிறிதாகத் தெரியும். ஆனால் 1-க்கு 4 டைலூஷனில் இதே தவறு செறிவை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துவிடும். ஆல்கஹாலில் இன்னும் கவனம் தேவை: 95%-இலிருந்து 70% ஆல்கஹால் 500 மி.லி. செய்ய 368.4 மி.லி. வேண்டும். மீதி 131.6 மி.லி. என்று அளந்து ஊற்றினால் 500 வராது, ஏனெனில் ஆல்கஹாலும் நீரும் கலக்கும்போது கொள்ளளவு சுருங்கும். அறை வெப்பத்துக்கு வந்தபின் கோடு வரை நீர் விடு.

புதனும் வியாழனும் நோயாளி வீட்டில் மறுபடி நீர் கலக்கும் வகை. மூன்று தாளிலும் நீ விட்டுவிட்ட கேள்வி இது. மாதிரி: பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் 150 மி.லி. தயாரி. நோயாளி அதில் 10 மி.லி.யை 1 லிட்டராக்கினால் 10,000-க்கு 1 என்ற செறிவு வர வேண்டும்.

முடிவிலிருந்து பின்னோக்கி வா. நோயாளியின் வாளியில் இருப்பது 1000 மி.லி., 10,000-க்கு 1 என்றால் 0.1 மி.கி./மி.லி., எனவே வாளியில் 100 மி.கி. அந்த 100 மி.கி.யும் எங்கிருந்து வந்தது? 10 மி.லி.யிலிருந்து. அப்படியானால் 10 மி.லி.க்கு 100 மி.கி., 150 மி.லி.க்கு 1500 மி.கி., அதாவது 1.5 கிராம். பெரும்பாலானோர் 150 மி.லி.யையே 10,000-ஆல் வகுத்து 15 மி.கி. என்று எழுதுகிறார்கள். அது வாளியின் செறிவை பாட்டிலுக்குக் கொடுப்பது, நூறு மடங்கு குறைவு. பக்கத்தில் பாட்டில், 10 மி.லி. அளவுக் குவளை, வாளி என்று மூன்று பெட்டி வரைந்து, ஒவ்வொன்றிலும் மி.கி.யை எழுது. படத்துக்கு அரை நிமிடம்தான் ஆகும். தினம் ஆறு கேள்வி, எண்களை நீயே மாற்றிப் போட்டு.

வெள்ளி, களிம்பு. பெட்டாமெத்தாசோன் 0.1% கிரீமை 1-க்கு 4 ஆக்கி 60 கிராம்: 15 கிராம் கிரீம், 45 கிராம் அக்வியஸ் கிரீம், செறிவு 0.025%. “1-க்கு 4” என்றால் மொத்தம் நான்கு பாகம். ஒன்றும் நான்கும் ஐந்து பாகம் என்று எடுத்துக்கொண்டால் 12 கிராமும் 48 கிராமும் போட்டு 0.02% செய்துவிடுவாய்.

ஞாயிறு, அலிகேஷன். 2.5%, 0.5% ஹைட்ரோகார்டிசோன் இரண்டும் இருக்கிறது, 1% வேண்டும், 40 கிராம். குறுக்கே கழித்தால் 2.5%-க்கு 0.5 பாகம், 0.5%-க்கு 1.5 பாகம். 10 கிராமும் 30 கிராமும். சரிபார்: 250 மி.கி. + 150 மி.கி. = 400 மி.கி., 40 கிராமில் 1%. சரி. தூய பொடி சேர்த்து வலிமையைக் கூட்டும் கேள்வியிலும் இதே முறைதான், பொடியின் செறிவு 100%. 1% களிம்பு 30 கிராமை 2% ஆக்க 30 ÷ 98 = 0.306 கிராம் பொடி. 0.3 என்று எழுதுபவர்கள் பொடி சேர்த்ததும் மொத்த எடையும் கூடும் என்பதை மறந்தவர்கள்.

மூன்றாம் வாரம்: சிறு அளவு, இடப்பெயர்ச்சி

இந்த வாரம் தைப்பூசம். ரதம் கிளம்பும் நாளும் பூசத்தன்றும் புத்தகம் வேண்டாம், தண்ணீர்மலைக்குப் போய் வா. மிச்சமிருக்கும் மூன்று இரவில் கீழே உள்ளவற்றை முடி.

ஒன்று, ட்ரிட்டுரேஷன். உங்கள் லேப் தராசில் 100 மி.கி.க்குக் குறைவாக நிறுக்கக் கூடாது. 2 மி.கி. மருந்துள்ள 120 மி.கி. பொட்டலம் பத்து வேண்டும், மொத்த மருந்து 20 மி.கி. 100 மி.கி. மருந்தையும் 900 மி.கி. லாக்டோசையும் கலந்தால், அந்தக் கலவையின் 100 மி.கி.யில் 10 மி.கி. மருந்து. எனவே 200 மி.கி. கலவை, அதோடு 1000 மி.கி. லாக்டோஸ், மொத்தம் 1200. லாக்டோசை ஒரே தடவையில் கொட்டாதே. மருந்தின் அளவுக்குச் சமமாகப் போட்டு அரைத்து, கலவை பெருகப் பெருக அதற்குச் சமமாகச் சேர்.

இரண்டு, ஊசி மருந்துப் பொடியின் இடப்பெயர்ச்சி. 500 மி.கி. வயல், பொடி பிடிக்கும் இடம் 0.4 மி.லி. என்று கேள்வி சொன்னால், 5 மி.லி.க்கு 4.6 மி.லி. நீர். 5 மி.லி. ஊற்றினால் 5.4 ஆகி, 1 மி.லி.யில் 100-க்குப் பதிலாக 92.6 மி.கி.தான் இருக்கும்.

மூன்று, சப்போசிட்டரி. 1 கிராம் அச்சு, ஒன்றில் 300 மி.கி. ஜிங்க் ஆக்சைடு, இடப்பெயர்ச்சி மதிப்பு 4.7, பத்து வேண்டும். வீணாவதற்கு இரண்டு கூட்டிப் பன்னிரண்டுக்குப் போடு: மருந்து 3.6 கிராம், அது இடம்பெயர்க்கும் பேஸ் 3.6 ÷ 4.7 = 0.77 கிராம், எனவே பேஸ் 12 − 0.77 = 11.23 கிராம்.

டிரிப் வேகத்துக்கு அரை மணி நேரம் போதும், அதில் நீ நன்றாகவே செய்கிறாய். 500 மி.லி., 8 மணி நேரம், 1 மி.லி.க்கு 20 சொட்டு: 10,000 ÷ 480 = 20.8, நிமிடத்துக்கு 21 சொட்டு.

நான்காம் வாரம்: நேரம் வைத்து

திங்கள், புதன், வெள்ளி இரவில் 45 நிமிடத்தில் பத்துக் கேள்வி: டைலூஷன் ஐந்து, அளவு மூன்று, மற்றவை இரண்டு. கலந்து வர வேண்டும், தலைப்பு வாரியாக வேண்டாம். தலைப்பைப் பார்த்தே எந்தச் சூத்திரம் என்று உனக்குத் தெரிந்துவிடுகிறது, தேர்வில் அந்த உதவி இருக்காது. செவ்வாயும் வியாழனும் தவறானவற்றை மட்டும் திரும்பச் செய். ஒவ்வொரு தவறுக்கும் பக்கத்தில் காரணத்தை எழுது: அலகா, இறுதிக் கொள்ளளவா, பின்னோக்கி வராததா. ஒரே காரணம் மூன்று முறை வந்தால், வியாழன் இரவு அந்த வகையில் மட்டும் எட்டுக் கேள்வி.

விடையை அடிக்கோடிடும் முன், தலைகீழாகச் சரிபார்: நீ எழுதிய அளவைத் தயாரித்தால் கேட்ட செறிவு வருகிறதா? நீர்த்த கரைசல் மூலக் கரைசலைவிட வலிமையாக வந்தாலோ, குழந்தைக்கு ஒரு வேளைக்கு 40 மி.லி. என்று வந்தாலோ, உடனே முதல் வரிக்குத் திரும்பு.

ஞாயிறு ஒரு முழு மாதிரித் தாள், காலை 9 மணிக்கு, தேர்வுக்குக் கொண்டுபோகும் அதே கால்குலேட்டரோடு. கைத்தொலைபேசியில் போட்டுப் பழகாதே, அடைப்புக்குறியையும் சதவீதப் பொத்தானையும் அது வேறு மாதிரிக் கணக்கிடலாம். மதியத்துக்குமேல் புதிய கேள்வி எதையும் எடுக்காதே. தவறுகளின் பட்டியலை ஒருமுறை படித்துவிட்டுத் தூங்கப் போ. திங்கள் காலை வழக்கத்துக்கு ஒரு பெர்ரி முன்னதாகவே ஏறு.