ஆய்வேட்டுக் கணக்கெடுப்பின் மாதிரி அளவு: 24 ஊர், 336 பெண்கள்

மதுரை
18.11.2024

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

வணக்கம். கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் பற்றிய என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைப் படித்துவிட்டு, ஓரத்தில் இரண்டு குறிப்புகள் எழுதியிருந்தீர்கள். "எல்லோரும் 384 எடுக்கிறார்கள், நீ ஏன் 336?" என்பது ஒன்று. "எட்டு ஊர் போதாதா? 24 ஊருக்கு எப்படி அலைவாய்?" என்பது மற்றொன்று. வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளரும் முதலில் இதைத்தான் கேட்பார் என்று சொன்னீர்கள். நேரில் சொன்னால் கணக்கு பாதியில் நின்றுவிடும் என்பதால் எழுத்திலேயே தருகிறேன். நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன். 384-ஐ விட்டதற்கும் எட்டு ஊரை விட்டதற்கும் காரணம் ஒன்றே.

முதலில் 384 எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

```
n = Z² × p × (1 − p) / d²
  = 1.96² × 0.5 × 0.5 / 0.05²
  = 384.16
```

கிரெஜ்சியும் மார்கனும் 1970-இல் வெளியிட்ட அட்டவணையிலும் இதே எண்தான் இருக்கிறது. 10,000 பேர் உள்ள இடத்துக்கு 370, பத்து லட்சம் பேருக்கு 384. நம் துறை நூலகத்தில் உள்ள பல ஆய்வேடுகள் இந்த அட்டவணையைக் காட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றன. அட்டவணையில் தவறு எதுவும் இல்லை. ஆனால் அது இரண்டு விஷயங்களை எடுத்துக்கொண்டுதான் பேசுகிறது. முழுப் பட்டியலிலிருந்தும் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் குலுக்கலில் எடுத்திருக்க வேண்டும். கேட்பதும் "மொத்தத்தில் எத்தனை சதவீதம்?" என்ற ஒரே கேள்வியாக இருக்க வேண்டும். என் ஆய்வில் இரண்டுமே பொருந்தவில்லை.

என் கேள்வி ஒப்பீடு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. காசு இல்லாமல் போனதன் பலன், பஸ் ஊருக்குள் வரும் இடத்திலும், மெயின் ரோட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டிய இடத்திலும் ஒரே மாதிரி கிடைக்கிறதா? திருமங்கலம், உசிலம்பட்டி வட்டங்களில் நான் அறிய விரும்புவது இதைத்தான். கப்பலூர் தொழிற்பேட்டைக்கும், திருமங்கலம் கடைகளுக்கும், சித்தாள் வேலைக்கு மதுரைக்கும் போகிற பெண்கள் இரண்டு வகை ஊரிலும் இருக்கிறார்கள். டிக்கெட் எல்லோருக்கும் இலவசம், ஆனால் பஸ் எல்லோருக்கும் கிட்டத்தில் இல்லை. ஆகவே எனக்குத் தேவையான எண்ணிக்கை, இரண்டு குழுவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கப் போதுமானதாக இருக்க வேண்டும்.

நான் அளப்பது: 18 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில், கடந்த ஏழு நாளில் இரண்டு நாளாவது டவுன் பஸ்ஸில் ஏறியவர்கள் எத்தனை சதவீதம் என்பது. முன்னோட்டத்தில் இரண்டு ஊரில் தலா 20 பேரிடம் கேட்டபோது, பஸ் உள்ளே வரும் ஊரில் 11 பேரும், நடக்கிற ஊரில் 6 பேரும் அப்படிப் போயிருந்தார்கள். இவ்வளவு சின்ன எண்ணிக்கையை அப்படியே நம்பி ஒரு ஆய்வைக் கட்ட முடியாது. அதனால் பஸ் வரும் ஊரில் 50 சதவீதம், நடக்கிற ஊரில் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டேன். 20 புள்ளி வித்தியாசத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு முன்னோட்டத்தைவிட முக்கியமான காரணம் உண்டு. ஒரு தடத்தை ஊருக்குள் திருப்பிவிடுங்கள் என்று போக்குவரத்துக் கழகத்திடம் சொல்ல வேண்டுமென்றால் அந்த அளவாவது இடைவெளி இருக்க வேண்டும். நாலைந்து புள்ளி வித்தியாசத்தைக் காட்டி யாரிடமும் பஸ் கேட்க முடியாது. 95 சதவீத நம்பிக்கை அளவு, 80 சதவீத பவர், அதாவது வித்தியாசம் உண்மையில் இருந்தால் அதைப் பிடிக்க 80 சதவீத வாய்ப்பு என்று எடுத்தால்:

```
n = (1.96 + 0.84)² × (0.5×0.5 + 0.3×0.7) / (0.5 − 0.3)²
  = 7.84 × 0.46 / 0.04
  = 90.16  →  ஒரு குழுவுக்கு 91
```

இது தனித்தனிக் குலுக்கலுக்கான எண். நான் ஊர் ஊராகப் போகிறேன், அதாவது கொத்து மாதிரி. இங்கேதான் எட்டு ஊர் யோசனை இடிக்கிறது.

ஒரே ஊர்ப் பெண்களுக்கு ஒரே பஸ், ஒரே நேரம், ஒரே வேலைச் சந்தை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான், ஆனால் அதே பானையில் 48 பருக்கை எடுத்துப் பார்த்தாலும் அடுத்த பானை வெந்ததா என்று தெரியாது. ஒரே ஊரில் பத்துப் பேருக்கு மேல் கேட்கக் கேட்க, புதிதாகத் தெரிவது குறைந்துகொண்டே வரும். அதை அளக்க டிசைன் எஃபெக்ட் இருக்கிறது. ஒரு ஊருக்கு m பேர், ஊர்க்காரர்களின் பதில்கள் ஒத்துப்போகும் அளவு ρ என்றால்:

```
Deff = 1 + (m − 1) × ρ
```

ρ = 0.05 என்று எடுத்திருக்கிறேன். இப்போது இரண்டு திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எட்டு ஊரில் ஊருக்கு 48 பேர் என்று 384 பேரைக் கேட்டால் Deff 3.35 ஆகிறது. 384-ஐ அதனால் வகுத்தால், தனித்தனியாகக் குலுக்கி எடுத்த சுமார் 115 பேருக்குச் சமம். குழுவுக்கு 57 பேர்தான். அதை வைத்து 25 புள்ளிக்குக் குறைந்த வித்தியாசத்தை நம்பிக்கையோடு பிடிக்க முடியாது.

24 ஊரில் ஊருக்கு 14 பேர் என்று 336 பேரை அணுகி, பத்து சதவீதம் பதில் கிடைக்காமல் போனால் 302 பேர் மிஞ்சுவார்கள். ஊருக்குச் சராசரி 12.6 பேர், Deff 1.58. இது சுமார் 191 பேருக்குச் சமம், குழுவுக்கு 95. தேவை 91. பேர் குறைந்திருக்கிறார்கள், ஆனால் தகவல் கூடியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. எட்டு ஊர் என்றால் குழுவுக்கு நாலு ஊர். அந்த நாலில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலை இருந்து, அது சொந்த வேன் விட்டுப் பெண்களை அழைத்துப் போகிறது என்று வையுங்கள். அந்த ஒரு ஊரே முடிவைத் திருப்பிவிடும். பன்னிரண்டில் ஒன்று அப்படி இருந்தால் தாங்கலாம். எனக்கு எட்டு ஊர் வேண்டாம் என்று தோன்றியதற்குச் சூத்திரத்தைவிட இந்த பயம்தான் பெரிய காரணம்.

ρ-வின் மதிப்பை இரண்டு ஊர் முன்னோட்டத்திலிருந்து கண்டுபிடிக்க முடியாது, அது என் அனுமானம்தான். பயணம் போன்ற விஷயத்தில் அது கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஊருக்கும் ஊருக்கும் உள்ள பெரிய வேறுபாடு பஸ் உள்ளே வருகிறதா என்பதுதான், அதை ஏற்கெனவே இரண்டு குழுவாகப் பிரித்து எடுத்துவிட்டேன். மீதி 0.05 என்பது நியாயமாகப் படுகிறது. 0.10 ஆக இருந்துவிட்டால்? Deff 2.16 ஆகும், குழுவுக்கு 70 பேருக்குச் சமம், அப்போதும் 23 புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்கலாம். அதே 0.10-இல் எட்டு ஊர்த் திட்டத்தின் Deff 5.7. அங்கே ஒன்றும் மிஞ்சாது.

ஊர்களை எப்படி எடுப்பது என்பதற்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை முதலில் நினைத்தேன். அது பழையது என்பதோடு, வருவாய்க் கிராமத்தின் கணக்கைத்தான் தருகிறது. ஒரு வருவாய்க் கிராமத்தில் மூன்று நான்கு குடியிருப்புகள் இருந்து, பஸ் ஒன்றில் மட்டும் நிற்கலாம். அதனால் 2024 மக்களவைத் தேர்தலின் வாக்காளர் பட்டியலில் பாகத்துக்குள் வரும் பிரிவுகளைக் கொண்டு குடியிருப்புகளைப் பிரித்து, பெண் வாக்காளர் எண்ணிக்கைக்கு ஏற்ற வாய்ப்பில் குழுவுக்கு 12 எடுக்கிறேன். ஊருக்குச் சம எண்ணிக்கையாக 14 பேரை எடுப்பதால், ஒரு குழுவுக்குள் எல்லாப் பெண்ணுக்கும் ஏறக்குறைய சம வாய்ப்பு கிடைக்கும். இரண்டு குழுவையும் சேர்த்து ஒரு சதவீதம் சொல்லும் இடத்தில் மட்டும் எடை போட்டுக் கணக்கிடுவேன். முன்னோட்டம் நடந்த இரண்டு ஊரும் பட்டியலில் இருக்காது.

மேடம், பதில் கிடைக்காமல் போகிறவர்களுக்காகப் பத்து சதவீதம் கூட்டிக்கொண்டதைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் அதிகக் கவலை. பகல் பதினொரு மணிக்குப் போனால் வீட்டில் இருப்பவர் யார்? அன்று வேலைக்குப் போகாதவர். முதல் பஸ்ஸில் ஏறிப் போனவர் வீட்டில் இருக்க மாட்டார். அவரை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் இருப்பவரைக் கேட்டால் 336 நிறைந்துவிடும், பஸ்ஸில் போகிற பெண் மட்டும் கணக்கில் வர மாட்டார். அந்தத் தவறை ஆயிரம் பேரைக் கேட்டாலும் சரிசெய்ய முடியாது. அதனால் மாற்று ஆள் எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். குலுக்கலில் வந்த பெயருக்கு ஒரு மாலை, ஒரு ஞாயிறு, தேவைப்பட்டால் இன்னொரு மாலை போவோம். அப்புறமும் பார்க்க முடியாவிட்டால்தான் பதில் இல்லை என்று எழுதுவோம். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனவர்கள், குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டவர்கள் பட்டியலில் இன்னும் இருப்பார்கள். அவர்கள் ஆய்வுக்கு உரியவர்களே அல்ல என்பதால், ஊருக்கு 20 பெயரைக் குலுக்கல் வரிசையில் எடுத்து, ஊரில் வசிப்பவர்களில் முதல் 14 பேரைக் கொள்வேன்.

அலைச்சல் பற்றி: நானும் வகுப்புத் தோழி ஒருத்தியும் சேர்ந்து போகிறோம். கேள்வித்தாள் இருபது நிமிடத்துக்குள் முடிகிறது. 14 பேர் என்பது ஒரு மாலையிலும் ஒரு ஞாயிறு காலையிலும் பெரும்பாலும் முடிகிற அளவு. ஊருக்கு 48 பேர் என்றால் அதே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும், மொத்த நாள் பெரிதாகக் குறையாது. டிசம்பரில் தொடங்கினால் இடையில் பொங்கல் வாரத்தை விட்டுவிட வேண்டும். அந்த வாரப் பயணம் வழக்கமான பயணம் ஆகாது.

இந்த எண்ணிக்கையை வைத்து என்னென்ன சொல்ல முடியாது என்பதையும் இயலிலேயே எழுதிவிடுகிறேன். திருமங்கலத்துக்குத் தனியாக, உசிலம்பட்டிக்குத் தனியாகச் சதவீதம் தர மாட்டேன். வயது, சாதி, தொழில் வாரியாக உடைத்து முடிவு கூற மாட்டேன். வேண்டுமானால் அட்டவணையில் எண்ணிக்கை மட்டும் காட்டுவேன். மாதம் எவ்வளவு மிச்சம் என்ற கேள்வியும் தாளில் இருக்கிறது, அதற்கு இந்த அளவு போதும் என்று நான் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. அதைத் துணைக் கேள்வியாகவே வைக்கிறேன்.

எண்ணிக்கையைக் கூட்டித்தான் ஆக வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், ஊருக்கு 14 என்பதை அப்படியே வைத்துக் குழுவுக்கு இரண்டு ஊர் சேர்க்க அனுமதியுங்கள். அப்போது 28 ஊர், 392 பேர். இருக்கிற ஊரிலேயே ஆளைக் கூட்டுவது மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குடியிருப்புகளின் பட்டியலும், எந்த ஊருக்குள் டவுன் பஸ் வருகிறது என்று கிளைப் பணிமனையில் கேட்டு எழுதிய தடங்களும் தயாராக இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மதியம் துறைக்கு எடுத்து வருகிறேன். குலுக்கலை உங்கள் முன்னிலையில் எடுத்து, தாளில் உங்கள் கையெழுத்தும் வாங்கிக்கொள்ள விரும்புகிறேன்.

தங்கள் மாணவி,
மு. கவிதா
முதுகலைப் பொருளியல், இரண்டாம் ஆண்டு