புல்லில் ஏன் உறைபனி? பசுமை இல்ல விளைவு பற்றிய 3 நிமிட அனிமேஷன் படத்துக்கான ஸ்டோரிபோர்டு

படக்குழுவுக்கு

8, 9-ஆம் வகுப்புப் பிள்ளைகள் பார்க்கப் போகும் படம். வகுப்பறையில் புரொஜெக்டர் வைத்து ஓட்டுவார்கள். பாதி வகுப்பறைகளில் ஜன்னல் வெளிச்சத்தைத் தடுக்க வழியிருக்காது. அதனால் மங்கலான வண்ணங்கள் வேண்டாம், எழுத்து பெரிதாக இருக்கட்டும். குரல் நிதானமாக வரட்டும், நிமிடத்துக்கு 110 சொற்களைத் தாண்டாமல்.

கதிர்களுக்கு இரண்டே வண்ணம். சூரிய ஒளி மஞ்சள் நேர்கோடு. தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் கதிர் சிவப்பு அலைகோடு. படம் முழுக்க இது மாறக் கூடாது.

ஓவியர்களிடம் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். பூமிக்கு மேல் கண்ணாடிக் கூரை வரையாதீர்கள். சிவப்புக் கோடு ஒரு கூரையில் மோதி, பந்து மாதிரி திரும்பி வருவதாகவும் வரையாதீர்கள். இந்தப் பாடத்துக்கு வரும் படங்களில் முக்கால்வாசி அப்படித்தான் இருக்கின்றன. பார்க்கும் பிள்ளை, மேலே ஏதோ மூடி இருக்கிறது என்றும் அந்த மூடியில்தான் ஓசோன் ஓட்டை விழுந்திருக்கிறது என்றும் இரண்டையும் சேர்த்து மனதில் போட்டுக்கொள்கிறது. ஓசோன் ஓட்டை வேறு பாடம். இந்தப் படத்தில் அதன் பெயரே வராது. மூடியும் கிடையாது. இருப்பது காற்று, அதற்குள் அதிரும் மூலக்கூறுகள். அதைக் காட்டத்தான் இந்த 3 நிமிடமும்.

காட்சி 1 (0:00 – 0:22) ஊட்டி, விடியற்காலை

படம்: நீலம் கலந்த இருட்டு. மலைச்சரிவில் ஒரு நாற்றங்கால். புல்வெளி உப்பைத் தூவியது போல வெளுத்துக் கிடக்கிறது. நாற்றுகள் மேல் காய்ந்த மிலார்ச் செடிகளைப் பரப்பி மூடியிருக்கிறார்கள். ஸ்வெட்டரும் குல்லாவும் போட்ட ஒரு சிறுமி குந்தி உட்கார்ந்து ஒரு புல்லைத் தொடுகிறாள். அண்மைக் காட்சி: புல்லின் ஓரத்தில் ஊசி ஊசியாக நிற்கும் பனித்துகள்கள். அவள் விரல் பட்ட இடத்தில் மட்டும் அவை உருகி ஒரு சொட்டு நீராகின்றன. சிறுமி அண்ணாந்து பார்க்கிறாள். மேகமே இல்லாத வானம், கடைசி நட்சத்திரங்கள்.

ஒலி: காலடியில் புல் நொறுங்கும் சத்தம். தூரத்தில் சேவல். இசை வேண்டாம்.

குரல்: ஊட்டி. ஜனவரி மாதம், விடியற்காலை. புல் முழுக்க உறைபனி. நேற்று ராத்திரி வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. முந்தாநாள் ராத்திரி மேகம் மூடியிருந்தது. அன்றைக்குப் புல்லில் உறைபனி இல்லை. அதே ஊர், அதே புல். மேலே இருந்த மேகம் கீழே இருக்கும் புல்லை எப்படிக் காப்பாற்றியது?

காட்சி 2 (0:22 – 0:50) பகலும் ராத்திரியும்

படம்: அதே நாற்றங்கால், பகல் வேகமாக ஓடுகிறது. மஞ்சள் கோடுகள் இறங்குகின்றன. பத்துக் கோடு வந்தால் மூன்று திரும்பிப் போக வேண்டும், மேகத்தின் மேலும் வெளிறிய தரையிலும் பட்டு. உண்மைக் கணக்கும் ஏறக்குறைய அதுதான், எண்ணிப் பார்க்கும் பிள்ளைகள் இருப்பார்கள். மற்றவை மண்ணுக்குள் இறங்கி மறைகின்றன. மண் நிறம் சூடேறுகிறது.

சூரியன் மறைகிறது. இப்போது வெப்பக் கேமரா வழியே பார்ப்பது போல் திரை மாறுகிறது. மண், மரம், ஓட்டு வீடு, திண்ணையில் சுருண்ட நாய், சிறுமி கையிலிருக்கும் காபி டம்ளர் எல்லாமே சிவப்பாக ஒளிர்கின்றன. டம்ளர்தான் எல்லாவற்றையும் விடப் பிரகாசம். ஒவ்வொன்றிலிருந்தும் சிவப்பு அலைகோடுகள் மேலே கிளம்புகின்றன.

குரல்: பகலில் சூரிய ஒளி தரையைச் சூடாக்குகிறது. சூடான எதுவும் கதிர்களை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி, அதனால் அதன் கதிர் நம் கண்ணுக்கு ஒளியாகத் தெரிகிறது. தரைக்கு அவ்வளவு சூடு இல்லை. அது விடுவது அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சூடான தோசைக்கல் பக்கத்தில் கையைக் காட்டினால் தோலுக்குத் தெரியும்.

காட்சி 3 (0:50 – 1:08) இரண்டு பூமிகள்

படம்: திரை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் காற்றில்லாத பூமி. சிவப்பு அலைகள் தடையில்லாமல் விண்வெளிக்குப் போகின்றன, கடல் ஓரத்திலிருந்து உறையத் தொடங்கி நடு வரை வெள்ளையாகிறது. வலது பக்கம் நம் பூமி, நீலமும் பச்சையுமாக. ஒவ்வொன்றின் கீழும் ஒரு வெப்பமானி. எண்கள் எழுந்து நிற்கட்டும்: –18, 15. அவற்றுக்கு நடுவே 33.

குரல்: கிளம்பும் வெப்பம் எல்லாம் அப்படியே விண்வெளிக்குப் போய்விட்டால், பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி. உண்மையில் இருப்பதோ சுமார் 15 டிகிரி. இந்த 33 டிகிரி எங்கிருந்து வந்தது? வழியில் யார் நிறுத்தினார்கள்?

கடைசிக் கேள்விக்குப் பிறகு ஒரு வினாடி அமைதி விடுங்கள்.

காட்சி 4 (1:08 – 1:52) காற்றுக்குள்ளே

படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. மற்ற காட்சிகளில் வேலையைக் குறைத்தாவது இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

படம்: கேமரா தரையிலிருந்து ஒரு சிவப்பு அலையோடு சேர்ந்தே மேலே பயணிக்கிறது. சுற்றிலும் மூலக்கூறுகள். முதலில் இரட்டைப் பந்துகள், கூட்டம் கூட்டமாக: நைட்ரஜன், ஆக்சிஜன். அலை அவற்றுக்கு நடுவே உரசாமல் நழுவிப் போகிறது. அவை அசையவே இல்லை.

பிறகு ஒரு மூன்று பந்து மூலக்கூறு. நடுவில் கார்பன், இரு பக்கமும் ஆக்சிஜன், ஒரே நேர்கோட்டில். அலை அதைத் தொடுகிறது. அலை மறைந்துபோகிறது. மூலக்கூறு அதிரத் தொடங்குகிறது: நடுப்பந்து மேலே போனால் ஓரப்பந்துகள் கீழே, அது கீழே வந்தால் இவை மேலே. காவடி எடுத்து ஆடுபவரின் தோளில் கம்பு வளைவது போல. அதிரும் மூலக்கூறு பக்கத்திலிருக்கும் இரட்டைப் பந்துகளை இடிக்கிறது, அவையும் வேகமெடுத்து ஓடுகின்றன. அந்த இடமே சிவந்து சூடேறுகிறது. கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து புதிய அலைகள் கிளம்புகின்றன. ஒன்று மேலே, ஒன்று பக்கவாட்டில், ஒன்று கீழே. கீழே வந்தது புல்லைத் தொடுகிறது.

கேமரா பின்வாங்கினால், வானம் முழுக்க இதே நடந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலான அலைகள் நேராக வெளியேறவில்லை, நெரிசலில் வழி தேடுவது போலத் திரும்பித் திரும்பிப் போகின்றன.

குரல்: காற்றில் நைட்ரஜனும் ஆக்சிஜனும்தான் கிட்டத்தட்ட எல்லாமே. அவை இந்த வெப்பக் கதிரைக் கண்டுகொள்வதில்லை. நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன் அப்படி இல்லை. கதிர் பட்டதும் அவை அதை உள்வாங்கி அதிர்கின்றன. பக்கத்தில் இருப்பவற்றை இடித்துக் காற்றையே சூடாக்குகின்றன. சூடான காற்று திரும்பவும் கதிர் விடுகிறது. எந்தப் பக்கம்? எல்லாப் பக்கமும். மேலே போவது மெல்ல மெல்ல வெளியேறுகிறது. கீழே வருவது தரைக்கு இரண்டாவது முறை சூடு தருகிறது. பாடப்புத்தகம் இதைப் பசுமை இல்ல விளைவு என்கிறது.

பெயரைச் சொல்லும்போது, ஓசூர்ப் பக்கம் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில் ஒன்று 2 வினாடி வந்து போகட்டும். கூடவே திரையில் ஒரு வரி: "பசுமைக்குடில் சூடாக இருப்பது முக்கியமாகச் சூடான காற்று வெளியேற முடியாததால். வானத்தில் நடப்பது வேறு." பெயர் பொருத்தமில்லாதது, ஆனால் பரீட்சையில் அந்தப் பெயர்தான் வரும். ஆகவே பெயரையும் சொல்வோம், வித்தியாசத்தையும் சொல்வோம்.

காட்சி 5 (1:52 – 2:12) பித்தளைக் குழாய்

படம்: பழைய மைக்கோட்டுச் சித்திர நடை. 1856, அமெரிக்கா: யூனிஸ் ஃபூட் வெயிலில் இரண்டு கண்ணாடி உருளைகளை வைத்து வெப்பமானிகளைப் பார்க்கிறார். கார்பன் டை ஆக்சைடு இருக்கும் உருளையில் பாதரசம் கூடுதலாக ஏறுகிறது. 1859, லண்டன்: ஜான் டிண்டால், நீளமான பித்தளைக் குழாய். குழாயின் இரு முனைகளையும் அடைத்திருப்பது பாறை உப்புத் தகடு. கண்ணாடி போட்டால் அதுவே வெப்பக் கதிரைத் தடுத்துவிடும், உப்பு விட்டுவிடும். இந்தத் தகட்டை அண்மையில் காட்டுங்கள், உப்பின் விளிம்பு மின்னட்டும். குழாயில் வாயு நிரம்பியதும் அளவுமானியின் முள் நகர்கிறது.

குரல்: இது ஊகம் அல்ல. 1856-இல் யூனிஸ் ஃபூட் கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய உருளையை வெயிலில் வைத்தார். சாதாரணக் காற்றை விட அது அதிகம் சூடானது. 1859-இல் ஜான் டிண்டால் ஒவ்வொரு வாயுவும் எவ்வளவு வெப்பக் கதிரை உள்வாங்குகிறது என்று அளந்தே காட்டினார்.

காட்சி 6 (2:12 – 2:42) பத்து லட்சத்தில் எத்தனை

படம்: ஹவாய்த் தீவில் மௌனா லோவா எரிமலைச் சரிவு, வெள்ளை நிறக் கண்காணிப்பு நிலையம். அங்கிருந்து ஒரு கோடு கிளம்பி வலப்பக்கம் ஏறுகிறது. ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கி ஏறட்டும். வட அரைக்கோளத்துக் காடுகள் கோடையில் இந்த வாயுவை இழுத்துக்கொள்வதால் வரும் பற்கள் அவை, அழித்துவிட வேண்டாம். கோட்டின் அடியில் நிலக்கரி வண்டி, பெட்ரோல் பங்க், எரியும் காடு ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன. எண்கள்: 280, 315, 420.

குரல்: தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முன், காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் 280 மட்டும் கார்பன் டை ஆக்சைடு. 1958-இல் ஹவாயில் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நாம் எரித்த நிலக்கரியும் பெட்ரோலும் வெட்டிய காடுகளும் சேர்த்தது இது. பூமி ஏற்கெனவே ஒரு டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டது. சூடான காற்றில் நீராவியும் கூடுதலாகத் தங்கும். அதுவும் வெப்பத்தைப் பிடிக்கும்.

இந்தக் காட்சியில் குரலை உயர்த்த வேண்டாம், பயமுறுத்தும் இசையும் வேண்டாம். எண்களைக் கேட்கவிட்டால் போதும்.

காட்சி 7 (2:42 – 3:00) திரும்ப ஊட்டி

படம்: வெயில் சரிவில் இறங்குகிறது. புல்லின் உறைபனி விளிம்பிலிருந்து உருகி வருகிறது. முந்தாநாள் ராத்திரி நினைவாக 3 வினாடி: மேகம், அதிலிருந்து கீழே வரும் சிவப்பு அலைகள், ஈரமான பச்சைப் புல். திரும்பவும் இன்று. சிறுமி மிலார்ச் செடிகளை இரண்டு கையாலும் தூக்குகிறாள். அடியில் நாற்று, உறைபனி படாமல்.

குரல்: மேகமும் தரையின் வெப்பத்தை வாங்கி, ஒரு பங்கைக் கீழே அனுப்பும். முந்தாநாள் புல் பிழைத்தது அதனால்தான். நேற்று ராத்திரி மேகம் இல்லை. ஆனாலும் மேலே நீராவி இருந்தது, கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு இருந்தது. அவையும் இல்லாமல் போயிருந்தால், மூடிவைக்க இங்கே ஒரு நாற்றே முளைத்திருக்காது.

ஒலி: சிறுமி மிலாரை ஓரமாகப் போடும் சரசரப்பு. ஒரு சொட்டு நீர் விழுகிறது. திரை இருளுகிறது.