கேமராவும் ரவுட்டரும்: கும்பகோணம் கடையில் இப்போது இருப்பவை

1. சுற்றிப் பார்க்கும் வைஃபை கேமரா, வீட்டுக்குள் வைக்க, 3 மெகாபிக்சல்: ₹2,150

கூடம், கடைக் கல்லா, தாத்தா பாட்டி இருக்கும் அறை போன்ற இடங்களுக்கு. போனிலிருந்தே இடம் வலம் திருப்பலாம், பேசவும் செய்யலாம். ஆனால் ஒரு பக்கம் திரும்பியிருக்கும்போது மறுபக்கம் பதிவாகாது. வாசலையும் கூடத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க இது ஒன்று போதாது. மழை படும் இடத்தில் மாட்டக் கூடாது.

பதிவு மெமரி கார்டில். 128 ஜிபி கார்டு போட்டு நாள் முழுக்கப் பதிவு செய்தால் சுமார் 5 நாள் நிற்கும். அசைவு இருக்கும்போது மட்டும் என்று வைத்தால் இன்னும் பல நாள் வரும். கார்டு தனி விலை. கேமராவுக்கென்றே வரும் ‘ஹை என்டியூரன்ஸ்’ கார்டையே வாங்குங்கள். சாதாரண கார்டு ஓயாமல் எழுதி அழிப்பதில் சீக்கிரம் போய்விடும். திருடன் கேமராவைக் கழற்றினால் கார்டும் அவனோடு போகும். அதற்குத்தான் மாதச் சந்தா கிளவுட், கட்டாயமில்லை.

பொருத்துவது சுலபம், நீங்களே செய்யலாம். ஒரே ஒரு சிக்கல்: இந்தக் கேமரா 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் சேரும். ரவுட்டரில் 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தால் பல சமயம் இணையாமல் அடம்பிடிக்கும். பெயரைப் பிரித்து, போனையும் 2.4-இல் வைத்துவிட்டு கியூஆர் கோடைக் காட்டுங்கள், சேர்ந்துவிடும். ஆண்ட்ராய்டு 8-க்கு மேல், ஐபோன் இரண்டிலும் ஆப் ஓடும். பட்டன் போனில் எதுவும் தெரியாது.

2. நான்கு கேமரா செட், டிவிஆர், 1 டிபி ஹார்டு டிஸ்க், மாட்டும் கூலி உட்பட: ₹17,900

வீடு, குடோன், கடை எதுவானாலும் எங்கள் முதல் சிபாரிசு இதுதான். வயரில் ஓடுவதால் வைஃபை போனாலும் பதிவு நிற்காது. 2 மெகாபிக்சல், 3.6 மிமீ லென்ஸ், வெளியே மாட்டும் இரண்டும் மழைக்குத் தாங்கும்.

இரவில் 20 மீட்டர் வரை ஆள் நடமாட்டம் தெரியும். ஆனால் முகத்தை அடையாளம் சொல்ல வேண்டுமென்றால் ஆள் 4 மீட்டருக்குள் வர வேண்டும். ஓடும் வண்டியின் நம்பர் பிளேட் இரவில் படிக்க முடியாது. அது வேண்டும் என்பவர்கள் முன்பே சொல்லுங்கள், வேறு கேமரா பார்க்கலாம்.

நான்கும் இடைவிடாமல் ஓடினால் 10 நாள் பதிவு டிஸ்கில் இருக்கும். ஒரு மாதம் வேண்டுமென்றால் 4 டிபி டிஸ்க் போட வேண்டும். கண்காணிப்புக்கென்று செய்த டிஸ்க்தான் தருகிறோம்.

இதை நீங்களே மாட்ட வேண்டாம். 3+1 என்ற கேமரா கேபிளை இழுத்து, அதன் நுனியில் பிஎன்சி கனெக்டர் அடிக்க வேண்டும். எங்கள் ஆள் அரை நாளில் முடிப்பார். 90 மீட்டர் கேபிள் இந்த விலையில் அடக்கம், அதற்கு மேல் மீட்டர் கணக்கு. போனில் பார்க்க வீட்டில் இணையம் வேண்டும். வெளியூரிலிருந்து பார்க்கும்போது படத்தின் வேகத்தை உங்கள் இணைப்பின் அப்லோட் வேகம்தான் தீர்மானிக்கும். கிளம்பும் முன் டிவிஆர் பாஸ்வேர்டை உங்கள் கையாலேயே மாற்றச் சொல்வோம். அதை எங்களிடம் சொல்லாதீர்கள்.

3. டூயல் பேண்ட் ரவுட்டர், ஏசி 1200: ₹1,850

இரண்டு அறை வீட்டுக்குப் போதும். லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வரைதான், அதனால் 200 எம்பிபிஎஸ் பிளான் எடுத்தவர்கள் இதை வாங்க வேண்டாம்.

4. வைஃபை 6 ரவுட்டர், ஏஎக்ஸ் 1500, கிகாபிட் போர்ட்: ₹3,100

பழைய போனும் சேரும், ஆனால் அதனதன் வேகத்தில்தான். வைஃபை பாதுகாப்பு செட்டிங்கில் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய போனும் கேமராவும் சேராது. டபிள்யூபிஏ2-ம் 3-ம் கலந்து வையுங்கள். ஃபைபர் காரர்கள் கொடுத்த பெட்டி அப்படியே இருக்கும், அதன் லேன் போர்ட்டிலிருந்து இதன் வேன் போர்ட்டுக்கு ஒரு வயர். பிறகு பிரவுசரில் `192.168.0.1` அடித்தால் செட்டிங் பக்கம் வரும். பத்து நிமிட வேலை.

5. மெஷ் ரவுட்டர், இரண்டு பெட்டி: ₹7,400

நம் ஊர்ப் பழைய வீடுகளுக்காகவே வைத்திருக்கிறோம். திண்ணையிலிருந்து கொல்லை வரை நீண்டு, தடித்த செங்கல் சுவர்கள் குறுக்கே நிற்கும் வீட்டில் எத்தனை ஆன்டெனா உள்ள ரவுட்டரும் பின்கட்டை எட்டாது; 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு சுவரிலேயே தளர்ந்துவிடும். இரண்டாவது பெட்டியைக் கொல்லைக் கதவருகே வைக்காதீர்கள், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் நடுக்கூடத்தில் வையுங்கள். போனில் ஆப் வழியே செட்டிங். ஆண்ட்ராய்டும் ஐபோனும் சரி.

கரன்ட் போனால் ரவுட்டரும் கேமராவும் சேர்ந்தே அணையும். 12 வோல்ட் ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ் ₹1,400-க்கு இருக்கிறது. எல்லாப் பொருளுக்கும் பில், ஒரு வருட வாரண்டி. வீட்டின் படத்தைத் தாளில் வரைந்து கொண்டுவந்தால், எங்கே எது வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறோம்.