முகத்துவாரம் மூடல்: நாகை மீனவ மக்களுக்குத் துறைமுக அலுவலரின் கடிதம்

துறைமுக அலுவலர் அலுவலகம்,
நாகப்பட்டினம்.
நாள்: 20.04.2026

பெறுநர்:
அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், ஆரிய நாட்டுத் தெரு, நம்பியார் நகர், சாமந்தான்பேட்டை, கல்லார் ஊர்ப் பஞ்சாயத்தார். விசைப்படகு, பைபர் படகு உரிமையாளர்கள் மற்றும் தொழிலாளர்கள்.

பொருள்: கடுவையாற்று முகத்துவாரத்தைத் தூர்வாருதல் – 04.05.2026 முதல் 30.05.2026 வரை படகுப் போக்குவரத்து நிறுத்தம் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஊர்ப் பெரியவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வணக்கம்.

வரும் மே 4, திங்கட்கிழமை காலை 6 மணி முதல் மே 30, சனிக்கிழமை மாலை 6 மணி வரை கடுவையாற்று முகத்துவாரம் தூர்வாரும் பணிக்காக முழுவதுமாக மூடப்படும். இந்த 27 நாட்களும் இரவு, பகல் எந்த நேரத்திலும் எந்தப் படகும் முகத்துவாரம் வழியாக வெளியே போகவோ உள்ளே வரவோ கூடாது. விசைப்படகு, பைபர் படகு, கட்டுமரம் எதற்கும் விலக்கு இல்லை. மே 3, ஞாயிறு இரவு தொழிலுக்குப் போகிறவர்கள் திங்கள் விடிவதற்குள் உள்ளே வந்துவிட வேண்டும். வர முடியாது என்று தோன்றினால், முன்கூட்டியே படகைக் கடற்கரையில் ஏற்ற ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். விடிந்த பிறகு முகத்துவார வாயில் வந்து நின்றுகொண்டு வழி கேட்க வேண்டாம்.

தடைக்காலத்தில் ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று பைபர் படகுக்காரர்கள் கேட்பீர்கள். அந்தக் கேள்வி நியாயமானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போதுதான் உங்கள் மீனுக்கு நல்ல விலை கிடைக்கிறது. ஆண்டு முழுவதும் கடன் வாங்கி ஓட்டியவர் அதை அடைப்பது இந்த இரண்டு மாதங்களில்தான். அதில் 27 நாட்களை எடுத்துக்கொள்கிறோம் என்பது எனக்குத் தெரியும். நாட்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் பலமுறை யோசித்தேன். வேறு மாதம் அமையவில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். பங்குனி தொடங்கி மழைக்காலம் வரும்வரை கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. நீங்கள் தெண்டி என்பீர்கள். கரையோர மணலை அது வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே வருகிறது. அந்த மணல் நம் வாயைக் கடக்கும்போது அங்கேயே படிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றில் வெள்ளம் வந்தால் அதில் கொஞ்சத்தைக் கடலுக்குள் அடித்துச் செல்லும். கோடையில் கடுவையாற்றில் அந்த வேகம் இல்லை. மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தாலும் தண்ணீர் கடைமடையான நமக்கு வந்து சேரப் பல நாட்கள் ஆகும். வயலுக்குப் போக மீதி எவ்வளவு என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே மணல் சேர்ந்துகொண்டே இருக்கிறது. மழைக்காலத்தில் தூர்வாரலாம் என்றால், வாடைக் காற்றில் தூர்வாரும் கப்பல் வாயில் நிற்கவே முடியாது. கடல் ஓரளவு அடங்கியிருப்பதும் விசைப்படகுகள் கரையில் நிற்பதும் ஒன்றாக அமைவது இந்த மே மாதத்தில் மட்டும்தான். ஜூன் 15 அன்று விசைப்படகுகள் மொத்தமாகப் புறப்படும்போது வாய் இப்போதிருக்கும் நிலையில் இருக்கக் கூடாது.

இப்போதிருக்கும் நிலை என்ன? கடந்த வாரம் எங்கள் அளவைப் படகில் நானே போய் ஆழம் பார்த்தேன். தெற்குக் கல்சுவரின் முனைக்கு வெளியே, நாம் வழக்கமாகத் திரும்பும் இடத்தில், வற்றத்தில் 1.4 மீட்டர்தான் இருந்தது. அளவுகோலை எடுத்தபோது அடி முழுவதும் மணல் ஒட்டியிருந்தது, சேறே இல்லை. கெட்டியான திட்டு அது. பாரம் ஏற்றிய விசைப்படகு அதன் மேல் தட்டாமல் வர வழியில்லை. குஜராத் கரையைப்போல் நமக்குப் பெரிய ஏற்ற இறக்கமும் கிடையாது. ஏற்றத்துக்குக் காத்திருந்து கடந்துவிடலாம் என்ற கணக்கு இங்கே உதவாது. திட்டு மேலேறினால் அலை அங்கேயே மடிந்து உடைகிறது. உடையும் அலையில் குறுக்காக மாட்டிய படகுக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தை மாதம் அதே இடத்தில் பைபர் படகு கவிழ்ந்தபோது நான்கு பேரும் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அடுத்த முறையும் அப்படியே நடக்கும் என்று நம்பிக்கொண்டு நான் இருக்க முடியாது.

தூர்வாரும் வேலை நடக்கும் விதத்தை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஓரமாக ஒதுங்கிப் போய்விடலாம் என்ற எண்ணம் வருவதே அது தெரியாததால்தான். வரப்போவது மணலை வெட்டி உறிஞ்சும் கப்பல். அதன் பின்புறம் ஒரு இரும்புத் தூண் அடிமணலில் ஊன்றியிருக்கும். முன்புறம் இரண்டு பக்கமும் நங்கூரம் போட்டு, இரும்பு வடத்தை மாற்றி மாற்றி இழுத்து, கப்பல் இடமும் வலமுமாக வீசி வீசி வெட்டும். அந்த வடங்கள் வாயின் குறுக்கே ஒரு கரையிலிருந்து மறு கரை வரை கிடக்கும். தளர்ந்திருக்கும்போது அடியில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. விஞ்சு இழுக்கும் அந்த நொடியில் நீர்மட்டத்துக்கு வந்துவிடும்.

வேறொரு துறைமுகத்தில் பணியாற்றியபோது ஒன்றை என் கண்ணால் பார்த்தேன். நாற்பது வயதுக்காரர், அந்த வாயைத் தூக்கத்தில்கூடக் கடக்கக் கூடியவர். கல்சுவருக்கும் மிதவைக் குழாய்க்கும் நடுவே நாலு பாகம் இடைவெளி இருக்கிறது என்று படகை விட்டார். வடம் மேலே வந்தது. விசிறி அதில் சுற்றிக்கொண்டது. படகின் பின்பக்கம் தண்ணீரை விட்டுத் தூக்கியது. தண்டு முறிந்த சத்தம் கரை வரை கேட்டது. அவர் வடத்தைக் கையால் தள்ளப் பார்த்தார். வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. உயிர் பிழைத்தது. ஆனால் அதன் பிறகு அவரால் வலை முடிய முடியவில்லை. இந்த அறிவிப்பை எழுதும்போதும் அந்தக் கைதான் என் நினைவில் நிற்கிறது.

தினமும் ஒரு மணி நேரமாவது திறந்துவிடக் கூடாதா என்று சென்ற வாரம் சிலர் நேரில் வந்து கேட்டார்கள். வடங்களை எடுத்து, குழாயைப் பிரித்து, கப்பலை ஒதுக்கி, மீண்டும் அதே இடத்தில் ஊன்றுவதற்கு நாளில் ஆறு மணி நேரம் போய்விடும். 27 நாள் வேலை கிட்டத்தட்ட 40 நாளாகும். அதன் பிறகு ஆழம் அளந்து, மிதவை போட ஜூன் 15க்குள் நேரம் போதாது. தவிர, பாதி வெட்டிய இடத்தில் ஒரு பக்கம் பள்ளமும் ஒரு பக்கம் செங்குத்தான மணல் சுவருமாக இருக்கும். அதில் அலை எங்கே உடையும் என்று யாராலும் சொல்ல முடியாது, எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும்.

பைபர் படகுகள் இந்த நாட்களில் சாமந்தான்பேட்டை, கல்லார் கடற்கரைகளில் ஏறி இறங்கலாம். இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தாரும் இதற்குச் சம்மதம் தெரிவித்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி. படகை மணலில் இழுக்க ஒவ்வொரு கரையிலும் ஒரு டிராக்டர் காலை 3 மணி முதல் 9 மணி வரை நிற்கும். அதற்கு வாடகை கிடையாது. ஏலம் எடுக்கும் பெண்களுக்காகக் கீற்றுக் கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும் அமைக்க மீன்வளத்துறை ஒப்புக்கொண்டிருக்கிறது. ஐஸ் வண்டி கரை வரை வர கல்லாரில் பாதை சரியில்லை. அதை மே 2க்குள் செப்பனிடச் சொல்லியிருக்கிறேன். வேலையிழப்புக்கு நிவாரணம் வேண்டும் என்ற உங்கள் கோரிக்கையை மீன்வளத்துறைக்கு எழுத்தில் அனுப்பிவிட்டேன். அதை வழங்கும் அதிகாரம் எனக்கு இல்லாததால் வாக்குறுதி தர மாட்டேன். பதில் வந்தால் அன்றே பஞ்சாயத்தாரிடம் சொல்வேன்.

தடைக்காலத்துக்காக வாய்க்கு அருகே கட்டியிருக்கும் விசைப்படகுகளை மே 2 மாலைக்குள் குறைந்தது 100 மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டுங்கள். பழுது பார்த்த இயந்திரத்தை ஓட்டிப் பார்க்க வேண்டுமானால் ஆற்றின் உட்பகுதியிலேயே பாருங்கள். வீச்சு வலை, நண்டு வலை போடுகிறவர்கள் உட்பகுதியில் தொழில் செய்யலாம். மிதவைக் குழாய் தெரியும் தூரத்துக்கு வரக் கூடாது. அந்தக் குழாய் வழியாகத்தான் மணலும் தண்ணீரும் வடக்கே கடல் அரித்த கரையில் போய்க் கொட்டும். கொட்டும் இடத்தில் மணல் பார்ப்பதற்குக் கெட்டியாக இருக்கும். கால் வைத்தால் இடுப்பு வரை இறங்கும். பள்ளி விடுமுறை நாட்கள். பிள்ளைகள் குழாய் மேல் நடக்கவும் அங்கே விளையாடவும் போவார்கள். தாய்மார்கள் தயவுசெய்து கண்டிப்பாக இருங்கள்.

வாய் மூடியிருப்பதைக் காட்ட எங்கள் கொடிமரத்தில் பகலில் சிவப்புக் கொடியும், இரவில் மேலிருந்து கீழாக மூன்று சிவப்பு விளக்குகளும் இருக்கும். தூர்வாரும் கப்பலில் பகலில் கறுப்பு உருண்டை, சாய்சதுரம், உருண்டை என மூன்று அடையாளங்கள் தொங்கும். இரவில் சிவப்பு, வெள்ளை, சிவப்பு விளக்குகள் எரியும். அந்தக் கப்பலால் உங்களுக்கு ஒதுங்கி வழிவிட முடியாது என்பதே இதன் பொருள்.

கடலில் யாருக்காவது உடல்நிலை மோசமானால் வி.எச்.எஃப். 16ஆம் சேனலில் கூப்பிடுங்கள். எங்கள் அறையில் 24 மணி நேரமும் ஆள் இருப்பார். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களும் இருக்கின்றன. உயிர் காக்க வேண்டிய நிலையில் வடத்தைத் தளர்த்தி வழி விடுவோம். அதற்கு 45 நிமிடம் ஆகும். ஆகவே வாய்க்கு வந்தபின் கூப்பிடாமல், புறப்படும்போதே கூப்பிடுங்கள். மே மாதம் வங்கக் கடலில் புயல் வரக்கூடிய மாதம். எச்சரிக்கை வந்து கூண்டு ஏற்றினால் கப்பலை உள்ளே எடுத்துவிடுவோம்; அப்போது வாய் திறந்த செய்தியை ஒலிபெருக்கியில் சொல்வோம். கஜா புயலை நேரில் பார்த்த ஊர் நாம். அந்த அறிவிப்பு வரும்வரை கடற்கரையில் ஏறுவதே பாதுகாப்பு.

வேலை முடிந்தால் வாய் 50 மீட்டர் அகலமும் வற்றத்தில் 3.5 மீட்டர் ஆழமும் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று ஜூன் 1, திங்கட்கிழமை காலை 7 மணிக்கு ஆழமானி வைத்து அளப்போம். ஊருக்கு ஒருவர் அந்தப் படகில் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாயின் போக்கு தெரிந்த மூத்தவரை அனுப்புங்கள். எங்காவது மணல் மிச்சமிருக்கிறது என்று அவர் சொன்னால் கப்பல் புறப்படுவதற்கு முன் அதை எடுக்கச் சொல்வேன். மிதவைகளைப் புதிய இடத்தில் போட்ட பிறகு, உள்ளே வரும்போது சிவப்பு இடப்பக்கமும் பச்சை வலப்பக்கமும் இருக்க வாருங்கள். பழைய அடையாளத்தை வைத்துத் திரும்பாதீர்கள்.

இது பற்றிப் பேச ஏப்ரல் 27, திங்கட்கிழமை மாலை 4 மணிக்கு அக்கரைப்பேட்டை மீன்பிடித் துறைமுக ஏலக் கூடத்தில் இருப்பேன். கப்பலின் பொறியாளரும் வருவார். கோபமிருந்தால் அதையும் அங்கே சொல்லுங்கள். முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
துறைமுக அலுவலர்,
நாகப்பட்டினம்.

நகல்: மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை, கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையம், இந்தியக் கடலோரக் காவல்படை. ஊர்ப் பொது இடங்களில் ஒட்டவும், கோயில் ஒலிபெருக்கியில் வாசிக்கவும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.