டாங்கிளும் ஹெட்செட்டும் ஒன்றையொன்று மறந்துவிட்டால்

தம்பி, நீ அனுப்பிய வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். ஹெட்செட் ஆன் ஆகிறது, கம்ப்யூட்டரில் அதன் பெயரும் வருகிறது, ஆனால் யூஎஸ்பியில் சொருகுகிற டாங்கிளின் விளக்கு மெதுவாகச் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. ஹெட்செட் கெட்டுப்போனதற்கான அடையாளம் எதுவும் அதில் தெரியவில்லை. புதுசு வாங்க விலை பார்ப்பதை இப்போதைக்கு நிறுத்து. என்னிடம் இருப்பதும் இதே மாடல்தான், போன வருஷம் எனக்கும் இதே மாதிரி ஆகி, கீழே சொல்கிற வரிசையில்தான் சரியானது.

செய்வதற்கு முன்னால் ஒரு விஷயம் புரிந்துகொள். இங்கே இருப்பது இரண்டு தொடர்பு. கம்ப்யூட்டருக்கும் டாங்கிளுக்கும் யூஎஸ்பி வழியாக ஒன்று, டாங்கிளுக்கும் ஹெட்செட்டுக்கும் காற்று வழியாக இன்னொன்று. விண்டோஸைப் பொறுத்தவரை அந்தக் குட்டி டாங்கிள்தான் சவுண்ட் கார்டு, அதனால் நம் மாடலில் ஹெட்செட்டை அணைத்து பையில் வைத்திருந்தால்கூட பட்டியலில் பெயர் வரும். நீ நேற்று ராத்திரி முழுக்க டிரைவரை அழித்து அழித்துப் போட்டாயே, அது முதல் தொடர்புக்கான வைத்தியம், அது ஏற்கனவே நன்றாக இருக்கிறது. அறுந்தது இரண்டாவது. அது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ, ஆனால் புளூடூத் கிடையாது, ஆகவே புளூடூத் பட்டியலில் தேடுவதிலும் பயன் இல்லை.

சரி, முதல் வேலை: கையில் இருக்கிற டாங்கிள் உன்னுடையதுதானா என்று பார். உன் ரூம்மேட்டும் இதே மாடல்தான் வைத்திருக்கிறான் என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னாய். இரண்டும் பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு டாங்கிளும் தனக்கென்று சேர்த்துவைத்த ஹெட்செட்டைத்தான் தேடும், அடுத்த ஹெட்செட் பக்கத்திலேயே இருந்தாலும் கண்டுகொள்ளாது. அவனுடையதும் நேற்றிலிருந்து வேலை செய்யவில்லை என்றால் மாறிப்போயிருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது. இரண்டிலும் வேறு வேறு நிறத்தில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிடுங்கள். அவனுடையது நன்றாக ஓடுகிறது என்றால் மேலே படி.

ஹெட்செட்டை அரை மணி நேரம் சார்ஜ் போடு, அப்புறம் கேபிளைக் கழற்றிவிடு. இந்தப் படியைத் தாண்டிப் போகாதே. சார்ஜ் கேபிள் சொருகியிருந்தால் சில ஹெட்செட்டுகள் இணைப்பு நிலைக்கே போகாது, பேட்டரி அடிமட்டத்தில் இருந்தாலும் பாதியில் அணைந்துவிடும். டாங்கிளை யூஎஸ்பி ஹப்பிலிருந்து எடுத்து நேராக லேப்டாப்பில் சொருகு. டாங்கிளின் பக்கவாட்டில் ஒரு சின்ன நகர்த்துப் பொத்தான் இருக்கும், ஒரு பக்கம் PC என்றும் மறுபக்கம் கன்சோல் என்றும் போட்டிருக்கும், அது PC பக்கம் இருக்கட்டும்.

இப்போது ரூம்மேட்டின் ஹெட்செட்டை அணைத்து, அவனுடைய டாங்கிளையும் பிடுங்கி வைக்கச் சொல். ஒரே அறையில் இரண்டும் இணைப்பு நிலையில் இருந்தால் எது எதோடு சேரும் என்று சொல்ல முடியாது.

உன் ஹெட்செட்டை முழுசாக அணை. டாங்கிளை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார், குண்டூசி போகிற அளவுக்கு ஓர் ஓட்டை தெரியும், உள்ளே ஒரு சின்ன பொத்தான். போனில் சிம் எடுக்கிற ஊசி இருக்கிறதே, அதை நேராக விட்டு மெதுவாக அழுத்து. டக் என்று ஒரு மெல்லிய அழுத்தம் விரலுக்குத் தெரியும், அந்த இடத்தில் ஐந்தாறு விநாடி பிடித்துக்கொள். சிமிட்டல் வேகமானதும் எடுத்துவிடு. டாங்கிளில் இருக்கிற ஓட்டையில் மட்டும்தான் ஊசி போக வேண்டும். ஹெட்செட் கிண்ணத்திலும் இதே மாதிரி ஓர் ஓட்டை இருக்கும், அது மைக், குத்தினால் மைக் போய்விடும், தயவு செய்து அதைத் தொடாதே.

உடனே ஹெட்செட்டின் பவர் பொத்தானை அழுத்திப் பிடி. ஆன் ஆகிற சத்தம் மூன்றாவது விநாடியிலேயே கேட்கும், எல்லோரும் அங்கேதான் கையை எடுத்துவிடுகிறார்கள், எடுக்காதே. பத்து விநாடி வரைக்கும் பிடித்திரு, ஹெட்செட் விளக்கு சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி வரும், அப்போதுதான் விடு. இரண்டையும் ஒரு சாண் தூரத்தில் மேஜைமேல் வைத்துவிட்டு அசைக்காமல் காத்திரு. சிமிட்டல் நின்று இரண்டு விளக்கும் நிலையாக எரிந்தால் சேர்ந்துவிட்டது. ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகியும் சிமிட்டிக்கொண்டே இருந்தால் டாங்கிளைப் பிடுங்கி, ஹெட்செட்டை அணைத்து, பத்து விநாடி விட்டு மறுபடி முதலிலிருந்து. எனக்கு இரண்டாவது தடவைதான் சேர்ந்தது.

மூன்று தடவை செய்தும் வரவில்லை என்றால் லேப்டாப்பை முழுசாக நிறுத்தி எழுப்பு. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருப்பதால் சாதாரண ஷட்டவுன் எல்லாவற்றையும் புதிதாக ஆரம்பிப்பதில்லை. திறந்திருக்கிற வேலைகளைச் சேமித்துவிட்டு, கமாண்ட் பிராம்ப்டில் இதை அடி:

```
shutdown /s /t 0
```

எழுந்ததும் வேறு யூஎஸ்பி துளையில் சொருகி மறுபடி செய். அதற்கும் மசியவில்லை என்றால் ஹெட்செட் நிறுவனத்தின் சொந்த மென்பொருளை இறக்கி, ஹெட்செட், டாங்கிள் இரண்டுக்கும் ஃபர்ம்வேரைப் புதுப்பி. ஒன்றை மட்டும் புதுப்பித்துவிட்டு இன்னொன்றை விட்டாலும் இப்படிப் பிரிந்துபோகும். புதுப்பிக்கும்போது ஹெட்செட்டோடு வந்த கேபிளையே போடு, போன் சார்ஜ் கேபிள்களில் சிலவற்றில் டேட்டா கம்பியே இருக்காது.

சேர்ந்த பிறகும் சத்தம் வரவில்லை என்றால் பதறாதே. இத்தனை தடவை பிடுங்கிச் சொருகியதில் விண்டோஸ் லேப்டாப் ஸ்பீக்கருக்கு மாறியிருக்கும். விண்டோஸ் விசையும் R விசையும் சேர்த்து அழுத்தி `mmsys.cpl` என்று அடி, Playback பகுதியில் ஹெட்செட்டைத் தேர்ந்தெடுத்து Set Default கொடு, Recording பகுதியில் மைக்குக்கும் அதே. விளையாட்டுக்குள்ளும் டிஸ்கார்டிலும் தனித்தனியாக ஒலி அமைப்பு இருக்கிறது, அங்கேயும் ஒரு பார்வை பார்.

இனிமேல் டாங்கிளை வைக்கிற இடம் முக்கியம். உன் வீடியோவில் டாங்கிளுக்குப் பக்கத்துத் துளையிலேயே வெளி ஹார்ட் டிஸ்க் சொருகியிருந்தது. யூஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும், இன்டெல் 2012லேயே இதைச் சோதித்து அறிக்கை போட்டிருக்கிறது. அந்த இரைச்சலால் சேர்க்கை அழியாது, ஆனால் தூரம் குறையும், சத்தம் விட்டு விட்டு வரும். ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தள்ளி, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வை. லேப்டாப்பை வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டால் இன்னும் நல்லது.

டாங்கிள் விளக்கே எரியவில்லை, பட்டியலில் பெயரும் வரவில்லை என்று ஆகிவிட்டால் அது வேறு கதை, டாங்கிளே போயிருக்கும். அப்போது கடையில் கிடைக்கிற ஏதோ ஒரு டாங்கிளை வாங்கிவிடாதே, அதே மாடலுக்கு உரியது மட்டும்தான் சேரும். உன் பில்லை எடுத்து வாரண்டி தேதியைப் பார்த்து வை. ஒன்பது மணி மேட்சுக்கு முன்னால் முடியவில்லை என்றால் என் பழைய வயர் ஹெட்செட் அம்மாவின் அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது, மாமா சாயங்காலம் உன் ஹாஸ்டல் பக்கம்தான் வருகிறார், கொடுத்தனுப்பச் சொல்கிறேன். இரண்டு விளக்கும் நிலையாக எரிந்ததும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.