பேப்பர் குடுக்கறதுக்கு முன்னாடி: அறிவியல் மாதிரித் தேர்வுக்கான கடைசி 15 நிமிஷ செக்லிஸ்ட்

வியாழக்கிழமை எழுதப்போற 80 மார்க் பேப்பருக்காக இது. 3 மணி நேரம், அதுல 2 மணி 45 நிமிஷத்துல எழுதி முடிச்சிட்டு மிச்ச 15 நிமிஷத்த இதுக்குன்னு ஒதுக்குங்க. ஹாலுக்குள்ள இந்தத் தாள கொண்டு போக முடியாது, அதனால இன்னிக்கும் நாளைக்கும் பழைய விடைத்தாள்ல இத வெச்சு ரெண்டு தடவ செக் பண்ணிப் பாருங்க, தானா மனசுல நின்னுடும். முதல் பக்கத்துலேர்ந்து வரிவரியா திரும்பப் படிக்கறது செக் பண்றது ஆகாது. நீங்க எழுதினது உங்களுக்கே சரியாத்தான் தெரியும், கண்ணு தப்பத் தாண்டிப் போயிடும். அதனால கீழ இருக்கற வரிசைலயே போங்க, மார்க் அதிகமா போற இடம் முதல்ல இருக்கு.

முதல் 3 நிமிஷம்: விட்டுப்போச்சா?

☐ கேள்வித்தாள கைல எடுத்து, ஒவ்வொரு கேள்வி நம்பர் மேலயும் விரல் வெச்சு, அதே நம்பர் விடைத்தாள்ல இருக்கான்னு பார்த்தேனா? விடைத்தாளப் பார்த்து கேள்வித்தாளுக்கு வராதீங்க, அப்படிப் பார்த்தா எழுதினது மட்டும்தான் கண்ல படும், எழுதாதது படவே படாது.

☐ கேள்வித்தாளோட பின்பக்கம் திருப்பினேனா? சிரிக்காதீங்க. போன டெஸ்ட்ல கடைசி 10 மார்க் கேள்விய ரெண்டு பேர் பார்க்கவே இல்ல.

☐ பகுதி 1-ல 20-க்கு 20, பகுதி 2-ல 14-ல 10, பகுதி 3-ல 7-ல 5, பகுதி 4-ல ரெண்டு கேள்விலயும் 'அல்லது'ல ஏதாவது ஒண்ணு. எண்ணிக்கை சரியா இருக்கா?

☐ (அ), (ஆ), (இ) இருக்கற கேள்வில (இ) எழுதினேனா? 'வரையறு, ஓர் எடுத்துக்காட்டு தருக'ன்னு ஒரே வரில வந்தா பின்னாடி பாதிதான் எப்பவும் காணாமப் போகும்.

☐ தெரியாத ஒரு மார்க் கேள்விய காலியா விட்டேனா? இந்தப் பேப்பர்ல தப்புக்கு மார்க் கழிக்க மாட்டோம், ஏதாவது ஒண்ண தேர்ந்தெடுத்து எழுதுங்க.

அடுத்தது கணக்கு. இங்கதான் அதிக நேரம், 6 நிமிஷம் கூட போகலாம், போகட்டும்.

☐ கேள்வில இருந்த எண்ண சரியா எடுத்து எழுதினேனா? 10⁻¹⁹-ல அந்த மைனஸ் விட்டுப்போனா கீழ எவ்ளோ அழகா கணக்கு போட்டாலும் விடை வராது.

☐ அலகு மாத்தினேனா? 1000 கிலோ கார் 72 km/h-ல போகுது, இயக்க ஆற்றல் கேக்கறாங்கன்னு வைங்க. 72-ஐ அப்படியே ½mv²-ல போட்டா 25,92,000 வரும், 20 m/s-ஆ மாத்திப் போட்டா 2,00,000 J. கிட்டத்தட்ட 13 மடங்கு தப்பு, காரணம் 3.6-ஓட வர்க்கம். வேகம் வர்க்கத்துல வர்ற இடத்துல எல்லாம் இத மறக்காதீங்க.

☐ கால்குலேட்டர் டிகிரில இருக்கா? sin 30 அடிச்சுப் பாருங்க, 0.5 வரணும். −0.988 வந்தா ரேடியன்ல இருக்கு, அப்ப கோணம் வந்த எல்லா கணக்கையும் மறுபடி போடணும், வேற வழி இல்ல.

☐ விடை நம்பற மாதிரி இருக்கா? மனுஷன் ஓடற வேகம் 300 m/s, பாத்திரத்துல இருக்கற தண்ணியோட வெப்பநிலை 900 °C, குவியத் தூரம் 40 மீட்டர், இப்படி வந்திருந்தா எங்கயோ புள்ளி நகர்ந்திருக்கு.

☐ கடைசி விடைக்குப் பக்கத்துல அலகு இருக்கா? எடைக்கு நியூட்டன், நிறைக்கு கிலோகிராம், ரெண்டையும் கலந்துக்காதீங்க.

☐ வேதிச் சமன்பாடு சமமா? 4Fe + 3O₂ → 2Fe₂O₃ மாதிரி ரெண்டு பக்கமும் எண்ணுங்க. இதுல இரும்பு 4-4, ஆக்சிஜன் 6-6. சமன்பாட்ட சரி பண்ண சேர்மத்தோட கீழ்க்குறி எண்ண மாத்தியிருந்தா அது தப்பு, ஏன்னா சேர்மமே வேறயா ஆயிடும், முன்னாடி எண்ண மட்டும்தான் மாத்தலாம்.

திரும்ப அதே வழில கணக்கு போட்டு செக் பண்ணாதீங்க, அதே தப்ப அதே இடத்துல மறுபடி பண்ணுவோம். கிடைச்ச விடைய சூத்திரத்துக்குள்ள திருப்பிப் போட்டு கேள்வில குடுத்த எண் வருதான்னு பாருங்க.

எழுத்து விடைகள், 4 நிமிஷம்

☐ கேள்வியோட கடைசி வார்த்தைய மறுபடி படிச்சேனா? 'வேறுபடுத்துக'ன்னா ஒவ்வொரு வரிலயும் ரெண்டு பக்கமும் ஒரே விஷயத்தப் பத்திப் பேசணும். இடது பக்கம் ஊடகம், வலது பக்கம் வேகம்னு எழுதினா அது ரெண்டு தனித்தனி குறிப்பு, வேறுபாடு இல்ல. 'காரணம் கூறு'ன்னா விடைல எங்கயாவது 'ஏனெனில்' இல்லன்னா 'எனவே' வந்திருக்கணும், வரலன்னா நீங்க கேள்வியத்தான் திருப்பி எழுதியிருக்கீங்க.

☐ 4 மார்க்குக்கு 4 தனி கருத்து இருக்கா? ஒரே கருத்த மூணு விதமா நீட்டி எழுதினா ஒரு மார்க்தான் போட முடியும், பக்கம் ரொம்பினதுக்கு மார்க் இல்ல.

☐ ஒலி, ஒளி. எதிரொலிப்பு, எதிரொளிப்பு. இந்த நாலு வார்த்தை வர்ற எல்லா இடத்துலயும் நின்னு பாருங்க. மத்த எழுத்துப்பிழைய பெருசா எடுத்துக்க மாட்டேன், இது பிழை இல்ல, வேற விடை. வேகமும் திசைவேகமும், வெப்பமும் வெப்பநிலையும் கூட அப்படித்தான்.

☐ படத்துல பாகம் குறிக்கற கோடு சரியா அந்தப் பாகத்த தொடுதா? கதிர்ப் படத்துல அம்புக்குறி இருக்கா? மின்சுற்றுல அம்மீட்டர் தொடர் இணைப்புலயும் வோல்ட்மீட்டர் பக்க இணைப்புலயும் இருக்கா? இதயம் வரைஞ்சிருந்தா, அதோட இடது பக்கம் நம்ம பார்வைக்கு வலது பக்கம் வரும்.

☐ கிராஃப்ல ரெண்டு அச்சுக்கும் பேர், அலகு, அளவுத்திட்டம் மூணும் இருக்கா?

விடைய மாத்தலாமா?

காரணம் தெரிஞ்சா தாராளமா மாத்துங்க. முதல்ல தோணினதுதான் சரின்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா இதப்பத்தி நடந்த ஆய்வுகள்ல மாத்தினவங்க தப்புலேர்ந்து சரிக்குப் போனதுதான் அதிகம். சரிய மாத்தி தப்பாக்கினது மட்டும் ரொம்ப நாள் மனச உறுத்தும், அதனால அதுதான் நிறைய நடக்கற மாதிரி தோணுது. வெறும் பயத்துல மட்டும் மாத்தாதீங்க.

☐ மாத்தின இடத்துல பழைய விடைய ஒரே ஒரு கோடு போட்டு அடிச்சேனா? ரெண்டு விடையும் அடிக்காம நின்னா எத எடுக்கறதுன்னு எனக்குத் தெரியாது. எண் மேலயே எண்ண எழுதி 3-ஐ 8 ஆக்காதீங்க.

மணி அடிக்கற நேரம்

☐ பதிவெண் முதல் பக்கத்துலயும் கூடுதல் தாள் ஒவ்வொண்ணுலயும் இருக்கா?

☐ இடம் பத்தாம வேற பக்கத்துல தொடர்ந்திருந்தா 'தொடர்ச்சி பக்கம் 14-ல்'னு எழுதினேனா?

☐ கூடுதல் தாள் வரிசையா, தலைகீழா இல்லாம கட்டியிருக்கேனா? கிராஃப் தாள் உள்ள இருக்கா, இல்ல இன்னும் டெஸ்க் மேலயே கிடக்கா?